கொழும்பில் இருக்கும் தங்கச்சி குடும்பத்துக்கு எத்தனை இலட்சம் காப்புறுதி போதும்?

போன வைகாசியில் ஒரு இரவு பத்தரை மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து தங்கச்சி எடுத்தாள். "அண்ணா, சின்னவனுக்கு மூண்டாம் நாள் காய்ச்சல். டெங்கு எண்டு ரிப்போட் வந்திட்டுது. பிரைவேட்டில போடட்டோ, கவர்மென்டுக்குக் கொண்டு போகட்டோ?" பின்னால் பிள்ளை அழும் சத்தம். நான் பரந்தனில் இருந்துகொண்டு என்னத்தைச் சொல்ல? கிட்ட எது இருக்கிறதோ அங்கே கொண்டு போ, காசை விடியப் பாப்பம் என்றேன். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தனியார் வைத்தியசாலையில் போட்டார்கள். ஐந்து நாளில் பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தான். பில் 280,000 ரூபா.

மச்சானின் கொம்பனி ஊழியர் குடும்பங்களுக்கு வருடம் மூன்று இலட்சம் காப்புறுதி வைத்திருக்கிறது. மூன்று இலட்சம் இருக்க 280,000 ரூபா பில்லுக்கு முழுக்காசும் வரும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். வந்தது 200,000. மிச்சம் 80,000 கைக்காசு. "மூண்டு லட்சம் எண்டுதானே சொன்னவை, ஏன் குறைச்சவை?" என்று அவள் கேட்டபோது பத்திரத்தின் அட்டவணைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கிளையில் பதினொரு வருடம் கிளெய்ம் மேசையில் இருந்தவன் நான். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

படத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அறை வாடகை நாளொன்றுக்கு 10,000 ரூபா வரை. ஒரு நிகழ்வுக்கு, அதாவது ஒருதடவை வைத்தியசாலையில் படுப்பதற்கு, 200,000 ரூபா வரை. பில்லில் அறைக்கு நாளுக்கு 22,000 படி ஐந்து நாளுக்கு 110,000. வைத்தியர்களின் கட்டணம் 60,000. இரத்தப் பரிசோதனைகள் 65,000. டெங்கில் இரத்தம் தடிக்கிறதா என்று சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அதனால் இந்த வரி எப்போதும் கனக்கும். சேலைன், மருந்து, தாதியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 45,000. அறையில் 50,000தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனால் மொத்தம் 220,000 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் நிகழ்வு எல்லை விழுந்து 200,000 இல் நின்றது. இங்கே பிழை விட்டவர்கள் யாரும் இல்லை. பத்திரத்தில் எழுதியபடியே காசு வந்திருக்கிறது. பெரிய எழுத்தில் இருந்த மூன்று இலட்சத்தைப் பார்த்தவர்கள் அதன் கீழே இருந்த இரண்டு வரியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து தங்கச்சிக்கே காய்ச்சல். கொம்பனிக் காப்பில் மிச்சம் ஒரு இலட்சம். இந்தமுறை அவள் யோசிக்காமல் களுபோவில அரச வைத்தியசாலைக்குப் போனாள். அம்மா பரந்தனிலிருந்து இரவு பஸ் ஏறிப் போய் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டா. அங்கே அவளை நன்றாகத்தான் பார்த்தார்கள், ஒரு சதமும் செலவில்லை. வார்டு நெருக்கடி, பார்க்க விடும் நேரம் குறைவு, பிள்ளையைக் காணாத ஏக்கம், இவைதான் அவளுடைய கஷ்டங்கள்.

இந்த இரண்டு காய்ச்சலுக்கும் பிறகுதான் அவர்கள் சொந்தமாக ஒரு காப்புறுதி எடுக்க முடிவெடுத்தார்கள். எத்தனை இலட்சத்துக்கு என்பதில் இரண்டு மாதம் இழுபட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வன்னியிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்குப் போய் வாடகை வீட்டில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் இப்போது எத்தனையோ. எல்லாரிடமும் முகவர் ஒருவர் வந்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார். கீழே வரும் ரூபாக் கணக்குகள் தங்கச்சி வீட்டாருக்குக் கிடைத்த விலைகளை வட்டமாக்கியவை. வயதும் காப்புறுதிக் கொம்பனியும் மாற எண்களும் மாறும்.

எதற்காகத் தனியாரிடம் போவோம்?

எங்கள் நாட்டில் காப்புறுதித் தொகையை யோசிக்கும்போது முதலில் வைக்க வேண்டிய கேள்வி இது. அரச வைத்தியசாலை இலவசம். விபத்தென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குத்தான் பணக்காரரையும் கொண்டு போவார்கள். புற்றுநோயென்றால் மகரகம. பிள்ளைகளுக்குக் கடுமையென்றால் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. இந்த இடங்களில் இருக்கிற அனுபவத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஆகவே வரக்கூடிய எல்லா நோய்க்கும் தனியார் பில்லைக் கூட்டி ஒரு கோடி என்று முடிவெடுப்பது வீண் பயம்.

நாங்கள் தனியாரிடம் போவது இரண்டு காரணத்துக்காக. ஒன்று, டெங்கு, நிமோனியா, பிரசவம் போன்ற சில நாள் படுக்கை. வீட்டுக்கு அருகில், ஒருவர் கூட இருந்து பார்க்கலாம் என்பதற்காகப் போகிறோம். இவை அடிக்கடி வரும், பில் சில இலட்சத்துக்குள் நிற்கும். மற்றது, அரச வைத்தியசாலையில் திகதி தள்ளிக்கொண்டே போகிற சத்திரசிகிச்சை. அஞ்சியோகிராம் செய்து அடைப்பு என்று தெரிந்த பிறகு பைபாஸுக்குக் காத்திருப்பது, முள்ளந்தண்டுப் பிரச்சினையோடு வேலைக்குப் போக முடியாமல் காத்திருப்பது, இப்படியானவை. இவை அரிதாக வரும், வந்தால் பத்து இருபது இலட்சம் என்று நிற்கும்.

முதல் வகைக்குச் சேமிப்பும் சிறு காப்பும் போதும். காப்புறுதித் தொகையைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது வகை. தங்கச்சி வீட்டில் மச்சானின் தகப்பனுக்கு ஐம்பத்தைந்தில் பைபாஸ் செய்தவர்கள். மச்சானுக்கு இப்போது 34. அதனால் இருதயச் சத்திரசிகிச்சை ஒன்றை அளவுகோலாக வைத்தோம். கொழும்பில் அவர்கள் விசாரித்தபோது சொல்லப்பட்ட மொத்த மதிப்பீடு 18 இலட்சம்.

மூன்று தெரிவுகள்

முதலாவது, புதிதாக ஒன்றும் எடுக்காமல் கொம்பனியின் மூன்று இலட்சத்தோடு இருந்துகொண்டு, கட்டுப்பணமாகக் கட்டக்கூடிய காசை வங்கியில் நிலையான வைப்பில் போடுவது. இரண்டாவது, நால்வருக்கும் பொதுவாகப் பத்து இலட்சம், முதல் ரூபாவிலிருந்து கட்டுகிற காப்பு. கட்டுப்பணம் வருடம் 90,000. மூன்றாவது, இருபத்தைந்து இலட்சம், ஆனால் முதல் மூன்று இலட்சத்தை நாங்களே ஏற்க வேண்டும், இதைத்தான் கழிவு என்பார்கள். கட்டுப்பணம் வருடம் 70,000. அதிகத் தொகைக்குக் குறைந்த கட்டுப்பணம் என்றால் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். காப்புறுதிக் கொம்பனிக்கு அடிக்கடி வரும் சிறு கிளெய்ம்கள்தான் செலவு. அவற்றை நாங்கள் சுமந்தால் அவர்களால் மலிவாகத் தர முடியும், வேறு மர்மம் ஒன்றுமில்லை.

முகவர் நான்காவதாக ஒன்றையும் வலியுறுத்தினார். ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபா. இது அரச வார்டில் படுத்தாலும் கிடைக்கும் என்பதால் நாள் சம்பளக்காரருக்கு நல்லது. ஆனால் பில் எவ்வளவு வந்தாலும் நாளுக்குப் பத்தாயிரம்தான். பைபாஸுக்குப் பத்து நாள் படுத்தால் ஒரு இலட்சம். பில்லைக் கட்டுகிற காப்போடு இதை ஒப்பிடவே கூடாது, அதனால் ஓரத்தில் வைத்தோம்.

இனி 18 இலட்சப் பில்லை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்ப்போம். முதலாவது தெரிவில் கொம்பனிக் காப்பு ஒரு நிகழ்வுக்கான இரண்டு இலட்சத்தைத் தரும். மிச்சம் 16 இலட்சம். இரண்டு மூன்று வருடச் சேமிப்பு இரண்டு மூன்று இலட்சமாக இருக்கும். அதற்குப் பிறகு நகை, காணி. "தேவைப்பட்டா அப்பாவின்ரை வயலில ஒரு துண்டை வித்துக் கட்டலாம்" என்று மச்சான் சொன்னார். அவசரத்துக்கு விற்கிற வயலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்தாலும் வாங்குகிறவன் சொல்வதுதான் விலை. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, பிறகு பவுண் பவுணாகச் சேர்த்த நகையை மறுபடி ஈடு வைக்கச் சொல்லி அம்மாவிடம் போவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது தெரிவில் பத்து இலட்சம் வரும், கொம்பனியிலிருந்து இரண்டு, கைக்காசு ஆறு இலட்சம். மூன்றாவதில் 18 இல் முதல் மூன்றைக் கழித்து 15 இலட்சம் வரும். அந்த மூன்றில் இரண்டைக் கொம்பனி தரும். கைக்காசு ஒரு இலட்சம். பெரிய அடிக்கு மூன்றாவது தெரிவு தெளிவாக வெல்கிறது.

டெங்குக்கு? 280,000 ரூபா பில்லில் இரண்டாவது தெரிவு, அதன் அறை எல்லை போதுமாக இருந்தால், முழுதையும் கட்டும். மூன்றாவது ஒரு சதமும் தராது, ஏனென்றால் பில் மூன்று இலட்சத்துக்குக் கீழே. கொம்பனிக் காப்பின் 200,000 போக 80,000 எங்கள் தலையில். இதைக் கேட்டவுடன் தங்கச்சி, "அப்ப எழுபதாயிரம் கட்டியும் பிரயோசனமில்லையோ?" என்றாள். அவளுடைய கோபம் நியாயம். ஆனால் 80,000 இழப்பு ஒரு மாதத்தைக் கெடுக்கும். ஆறு இலட்சம் இழப்பு ஐந்து வருடத்தைக் கெடுக்கும்.

கழிவு எப்படி எண்ணப்படுகிறது

இந்த ஒரு இடத்தில்தான் நான் அவர்களை இரண்டு கிழமை காக்க வைத்தேன். "முதல் மூன்று இலட்சம் உங்களுடையது" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் மூன்று இலட்சமா, அல்லது வருடத்தின் எல்லாப் பில்லையும் கூட்டி ஒருதடவை மூன்று இலட்சமா?

அந்த வைகாசியையே எடுங்கள். தங்கச்சியும் தனியாரிடம் போய் அதே 280,000 வந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 560,000. கொம்பனிக் காப்பு முதலில் 200,000, பிறகு மிச்சம் இருந்த 100,000 என்று மூன்று இலட்சத்தைத் தந்து முடிந்திருக்கும். கழிவு ஆண்டுக்கு ஒருதடவை என்றால், 560,000 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிய 260,000 ஐப் புதிய காப்பு தரும். கைக்காசு இல்லை. கழிவு ஒவ்வொரு நிகழ்வுக்கும் என்றால், இரண்டு பில்லும் தனித்தனியே மூன்று இலட்சத்துக்குக் கீழே. புதிய காப்பு ஒன்றும் தராது, 260,000 ரூபா கைக்காசு. கட்டுப்பணம் ஒன்று, தொகை ஒன்று, முகவர் சொல்லும் பேச்சும் ஒன்று. பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் இவ்வளவு வித்தியாசம்.

முகவர் வாயால் "வருசத்துக்குத்தான்" என்றார். வாயால் சொன்னதை வைத்து கிளெய்ம் மேசையில் யாரும் காசு தர மாட்டார்கள். அதை எழுத்தில் தரச் சொன்னோம். கொம்பனிக் காப்பு கட்டிய காசும் அந்த மூன்று இலட்சத்துக்குள் எண்ணப்படுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டோம். ஏனென்றால் சில பத்திரங்களில் எங்கள் கையால் கட்டியது மட்டும்தான் எண்ணப்படும். அப்படியானால் மேலே போட்ட கணக்கெல்லாம் சரிந்துவிடும்.

ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த எண்

18 இலட்சம் இன்றைய விலை. மச்சானுக்கு நாற்பது வரும்போது? செலவு வருடம் 12 வீதம் ஏறினால் ஆறு வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதாவது 35 இலட்சத்தைத் தாண்டும். 12 என்பது நான் வைத்த ஊகம். 10 வீதமென்றாலும் 32 இலட்சம் வரும். இப்படி ஏறுவது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் மருந்தில் பெரும்பகுதியும், ஸ்டென்ட், வால்வு போன்ற சாமான்களும் கப்பலிலும் விமானத்திலும் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் நின்றது, வைகாசியில் 360 ஐத் தொட்டது. அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை வைத்திருந்த மருந்துகளுக்கு அந்த மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் முடிவில் அறுபது மருந்துகளுக்கு 40 வீதமும் ஏற்றிக் கொடுத்தது. 2019 இல் ஐந்து இலட்சத்துக்குக் காப்பு எடுத்தவரின் பத்திரத்தில் 2022 இலும் அதே ஐந்து இலட்சம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்தவர்களில் பலர் ஒரு கட்டுப்பணமும் தவறவிடாதவர்கள். தொகை போதாமல் போனதுதான் அவர்களுடைய பிரச்சினை.

அப்படியானால் இப்போது பத்து இலட்சம் எடுத்து, வசதி வரும்போது ஏற்றலாமே என்று மச்சான் கேட்டார். ஏற்றலாம். ஆனால் ஏற்றுகிற பகுதி புதுப் பத்திரம் மாதிரி. சில நோய்களுக்குக் காசு தராத காத்திருப்புக் காலம் அந்தப் பகுதிக்கு மீண்டும் தொடங்கும், வைத்திய கேள்விகளும் மீண்டும் வரும். இடையில் சீனியோ பிரஷரோ பிடித்தால் அதைக் காரணம் காட்டி மேலதிகக் கட்டணம் கேட்பார்கள், அல்லது அந்த நோயை விலக்கி எழுதுவார்கள். முப்பத்து நான்கில் சுத்தமான இரத்தப் பரிசோதனையோடு எடுக்கிற பெரிய தொகைக்கும், நாற்பதில் மாத்திரை போட்டுக்கொண்டு கேட்கிற பெரிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பிள்ளைகள் சிறியவர்களாய் இருக்கும்போது கையில் காசு குறைவு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கழிவோடு கூடிய பெரிய தொகை இந்த வயதுக்குப் பொருந்துகிறது என்கிறேன்.

தகப்பனின் பைபாஸை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், கட்டுப்பணம் கூடும் என்று யாரோ மச்சானுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப நோய் வரலாறு என்று கேட்டால் எழுதத்தான் வேண்டும். பெரிய கிளெய்ம் வரும்போது காப்புறுதிக் கொம்பனி பழைய கிளினிக் கொப்பியையும் சனல் பண்ணிய துண்டையும் தேடி எடுக்கும். எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக முழு கிளெய்மும் நிராகரிக்கப்பட்ட கோப்புகளை நான் கையால் மூடியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதுவது என் வேலையாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போன முகங்களை இன்னும் மறக்கவில்லை.

அம்மாவையும் சேர்ப்பதா?

தங்கச்சிக்கு அம்மாவையும் அதே பத்திரத்தில் போட ஆசை. அம்மாவுக்கு 62, சீனி இருக்கிறது. பொதுக் காப்பில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் கட்டுப்பணம் போடுவார்கள். அம்மா சேர்ந்தால் அது நால்வருக்கான விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும் என்று சொன்னார்கள். சீனியால் வரும் எதற்கும் முதல் சில வருடம் காசு வராது. வந்தாலும் பிள்ளைகளின் அதே தொகையிலிருந்துதான் கழியும். அம்மா கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதம் தவறாமல் மருந்து எடுக்கிறா. அவவைக் கொழும்புப் பத்திரத்துக்குள் இழுப்பது அவவுக்கும் உதவாது, பிள்ளைகளுக்கும் உதவாது. நானும் தங்கச்சியும் மாதம் ஐயாயிரம் படி அம்மாவின் பெயரில் போட்டு வருகிறோம். மனதுக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. கணக்கு அப்படித்தான் சொன்னது.

முடிவு என்னவென்றால்

கழிவு ஆண்டுக்கு ஒருதடவை, கொம்பனிக் காப்பு கட்டிய காசும் அதற்குள் எண்ணப்படும் என்று எழுத்தில் வந்தால், மூன்றாவது தெரிவு, இருபத்தைந்து இலட்சம். அதோடு மூன்று இலட்சம் ரூபாவைத் தொடாமல் வங்கியில் வைக்க வேண்டும். காரணம், மச்சான் வேலையை விட்டால் அன்றோடு கொம்பனிக் காப்பும் போகும், முதல் மூன்று இலட்சத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள். எழுத்தில் வராவிட்டால், அல்லது அந்த மூன்று இலட்சத்தைச் சேர்க்க முடியாவிட்டால், கழிவில்லாத காப்பையே பத்திலிருந்து பதினைந்து இலட்சமாக்கி எடுப்பது. கொம்பனிக் காப்பே இல்லாத, சிறு கடை வைத்திருக்கிற அல்லது முச்சக்கரவண்டி ஓடுகிற குடும்பத்துக்கு நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரண்டிலும் அறை எல்லையை அன்றைய அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து வைத்தியசாலைக்கு எடுத்துக் கேட்டாள். சாதாரண தனி அறை 22,000 இலிருந்து 24,500 ஆகியிருந்தது. மூன்றாவது தெரிவின் பத்திரத்தில் அறை எல்லை 30,000.

ஆடியில் கடிதம் வந்தது. ஆண்டுக்கு ஒருதடவைதான், வேறு காப்புறுதி கட்டிய காசும் எண்ணப்படும் என்று இரண்டு வரியில் எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். அதைப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கச் சொன்னேன். மகப்பேற்றுக்கு ஒரு வருடம் காத்திருப்பு என்று அதில் இருந்த இன்னொரு வரியை வாசித்துவிட்டு, "அதைப் பற்றி இப்ப கவலையில்லை அண்ணா, இரண்டு பேரே போதும்" என்றாள்.